கேக்கில் சர்க்கரையைப் பாதியாக்கினால் இனிப்பு மட்டும்தான் குறையுமா?

பரவும் தகவல்: “கேக்கில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தாலும் இனிப்பு மட்டுமே குறையும், பதம் மாறாது.”

இது தவறு. வெண்ணெயுடன் அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைப்பதும், ஈரத்தைத் தக்கவைப்பதும், மாவும் முட்டையும் விரைவில் இறுகிவிடாமல் தாமதப்படுத்துவதும் சர்க்கரையே என்பதால், அதைப் பாதியாக்கினால் கேக் வெளிறி, அடர்த்தியாகி, விரைவில் உலர்ந்துவிடும். மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை ஆகியவற்றைச் சம எடையில் சேர்க்கும் பழைய முறையில், 200 கிராம் சர்க்கரையை 150 கிராமாகக் குறைப்பது பெரும்பாலும் பாதுகாப்பானது. அப்போது இரண்டு மேசைக்கரண்டி பால் சேர்த்து, வழக்கத்தைவிட ஐந்து நிமிடம் முன்னதாகவே வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்க வேண்டும். சிறிது வெனிலா இனிப்புணர்வைக் கூட்டும். ஆனால், பதத்தை அது மீட்டுத் தராது.