இலை அலங்காரத்துக்கு இல்லை

நேற்று, வாழையிலையில் மடித்துச் சுட்ட மீனின் படம் ஒன்றுக்குக் கீழே நடந்ததைப் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று தெரியும். "வாழையிலை எல்லாம் படம் எடுக்கத்தான், அலுமினியத் தாளில் சுற்றினாலும் அதே மீன்தான்" என்று ஒருவர் எழுத, அதற்கு எத்தனை சிரிப்புக்குறிகள்! இன்னும் மனசு ஆறவில்லை.

அதே மீன் இல்லை. தாளை இறுக்கிச் சுற்றினால் ஆவி வெளியே போக வழியில்லை. மீன் விட்ட தண்ணீரிலேயே கிடந்து வேகும், மசாலா நீர்த்துப்போகும். இலைப் பொட்டலத்தில் மடிப்புகள் வழியாகக் கொஞ்சம் ஆவி கசியும். மீன் காய்ந்தும் போகாது, மசாலாவும் அதன் மேல் ஒட்டி நிற்கும். கல்லில் வைத்தால் சூட்டை முதலில் வாங்கிக் கருகுவது இலைதான். அந்தக் கருகலின் புகைமணம் மீனில் இறங்குகிறதே, அதைத் தாள் எங்கிருந்து கொடுக்கும்?

"ஆவியில் வைத்தால் அந்த மணம் வராதே" என்பீர்கள். சரி, வராது. இட்லிப் பானையில் இலை கருகாது, மெலிதான பச்சை வாசம் மட்டும்தான் வரும். காரம் தூக்கலாக இருந்தால் அதுவும் அமுங்கிவிடும். அதனால்தான் ஆவிக்குத் தேங்காயும் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் அரைத்துத் தடவுவது. அதற்காக இலையே வேண்டாம் என்று ஆகிவிடுமா?

அம்மா இல்லாமல் முதல் தடவை நான் செய்தபோது இலையை வாட்டாமல் மடித்தேன். நரம்போடு நரம்பாகக் கிழிந்து, மசாலா கல்லில் ஒழுகித் தீய்ந்து, வீடெல்லாம் புகை. மறுநாள் அம்மா நடுத்தண்டைச் சீவிவிட்டு இலையைத் தணலுக்கு மேலே மெதுவாக நகர்த்திக் காட்டினார். வெளிறிய பச்சை, சூடு படப்பட ஒரு அலை மாதிரி பளபளத்துக் கரும்பச்சையாக மாறும். அது இலையின் மேலிருக்கும் மெழுகு இளகுவது. அப்புறம் துணி மாதிரி மடங்கும். ஒன்றின் மேல் ஒன்றாக, நரம்புகள் குறுக்கே வரும்படி இரண்டு இலை வைத்தால் கிழியவே கிழியாது.

கல்லில் சுடுவதென்றால் மசாலாவை எண்ணெய் பிரியும்வரை சுருள வதக்கிய பிறகுதான் மீனில் பூச வேண்டும். தண்ணீராக இருந்தால் இலை கருகுவதற்குள் மீன் குழைந்துவிடும். இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள துண்டுக்குச் சிறு தீயில் பக்கத்துக்கு ஆறேழு நிமிடம் போதும். ஆவியில் என்றால் பன்னிரண்டு நிமிடம். கல்லில் சலசலப்பு அடங்கி, இலை பழுப்பாகி, அங்கங்கே கருப்பு விழுந்து, மணம் தானாக எழும்பினால் இறக்கிவிடலாம்.

"எல்லோருக்கும் இலை கிடைக்குமா, இவ்வளவு நேரம் இருக்குமா" என்று கேட்பீர்கள். கிடைக்காதவர்கள் தாளில் செய்யட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் செய்கிறவர்களைப் பார்த்துப் படத்துக்காக என்று சொல்லாதீர்கள். எங்கள் அம்மா ஒரு நாளும் எதையும் படம் எடுத்ததில்லை.

அந்தச் சிரிப்புக்குறி போட்டவர்களில் இரண்டு பேர் எங்கள் வீட்டில் அம்மா கையால் அந்தப் பொட்டலத்தை வாங்கிப் பிரித்துச் சாப்பிட்டவர்கள். மீன் தீர்ந்த பிறகும் இலையில் ஒட்டியிருந்த மசாலாவை விரலால் வழித்துக்கொண்டிருந்தவர்கள்.