ரெண்டு லிட்டர் பாட்டிலைக் காலி பண்ணச் சொல்றது பயிற்சி இல்லை

வேலூர் சத்துவாச்சாரி ஜிம்ல ஒரு பையன் ஒரு மணி நேரத்துல ரெண்டு லிட்டர் தண்ணி குடிச்சு வாந்தி எடுத்த விஷயம் இந்நேரம் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். அந்தப் பையன் வாந்தி எடுத்ததை விட, அந்தச் செய்திக்குக் கீழ வந்த கமெண்ட்தான் மனசை அறுக்குது: "தண்ணி பத்தலை, இன்னும் ரெண்டு டம்ளர் குடுத்திருக்கணும்." ஏற்கெனவே ரெண்டு லிட்டர் குடிச்ச பையனுக்கா?

கணக்கைப் பாருங்க. ஜிம்முக்குள்ள போனதும் சிறுநீர் கழிச்சிட்டு எடை பாக்குறீங்க, 70 கிலோ. பயிற்சி நடுவுல அரை லிட்டர் குடிக்கிறீங்க. முடிஞ்சதும் வேர்வையைத் துடைச்சு, நனைஞ்ச பனியனைக் கழட்டிட்டு ஏறினா 69.6. குறைஞ்சது 400 கிராம், குடிச்சது 500 மில்லி. ஆக உங்க வேர்வை 900 மில்லி. இதே ஆள் ரெண்டு லிட்டர் குடிச்சிருந்தா? 71.1 கிலோ. ஒரு லிட்டருக்கு மேல தண்ணி உள்ளயே நிக்குது.

"அதான் சிறுநீரா போயிடுமே"னு சொல்லுவீங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே சிறுநீரகம் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குத்தான் வெளியேத்தும். கடுமையா உழைக்கும்போது தண்ணியைப் பிடிச்சு வைக்கிற ஹார்மோன் கூடும், அதனால அந்த அளவும் குறைஞ்சிடும். மிச்சத் தண்ணி ரத்தத்துல இருக்குற சோடியத்தை நீர்க்க வைக்கும்.

"வேலூர் வெயில் தெரியுமா? ஏசி இல்லாத ஜிம் தெரியுமா?" தெரியும். அக்னி நட்சத்திரத்துல ஃபேன் மட்டும் ஓடுற ஹால்ல வேர்வை அதிகமாத்தான் ஊத்தும். அதனாலதான் தராசுல ஏறுங்கன்னு சொல்றேன். ஒன்றரை கிலோ இறங்கினா அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் அதிகமா குடிங்க. ஆனா உள்ள போனப்போ இருந்த எடையைத் தாண்டக் கூடாது. அரை கிலோ, ஒரு கிலோ குறைஞ்சு வெளிய வர்றதுல தப்பே இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பாட்டோட மெதுவா ஈடு கட்டிக்கலாம்.

பெரும்பாலானவங்களுக்கு அந்த ஒரு மணி நேரத்துக்கு 400லேர்ந்து 600 மில்லி போதும். தாகம் எடுக்கும்போது செட்டுக்கு நடுவுல மூணு நாலு மடக்கு. தாகம் இல்லைன்னா பாட்டிலைத் தொட வேண்டாம்.

"எலக்ட்ரோலைட் பொடி போட்டா எவ்வளவு வேணா குடிக்கலாம்"னு சொல்றாங்களே, அதுதான் ரொம்ப ஆபத்து. அந்தப் பானத்துல இருக்குற சோடியம் ரத்தத்துல இருக்குறதை விட ரொம்பக் குறைவு. அளவு மீறினா அதுவும் நீர்க்கத்தான் வைக்கும்.

தண்ணி அளவு மீறினா வயித்துல தண்ணி குலுங்கும், விரல் வீங்கி மோதிரம் இறுகும், தலை வலிக்கும், குமட்டும். வேர்த்துக் காஞ்சவனுக்கும் தலை வலிக்கும், குமட்டும்தான். அதனாலதான் ஆளுக்கு ஆள் தண்ணி பாட்டிலை நீட்டுறீங்க. முதல்ல எவ்வளவு குடிச்சான்னு கேளுங்க. நிறையக் குடிச்சிருந்து, தலைவலி ஏறி, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, பேச்சு குழறினா, ஒரு டம்ளர்கூடக் குடுக்காம நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. எவ்வளவு குடிச்சான்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. தெரியாம டிரிப்ஸ்ல வெறும் குளுக்கோஸ் தண்ணியை ஏத்திட்டா, அது இன்னும் மோசமாக்கும்.