ஈரச் சுவரை பட்டி அடைத்துவிடுமா?

“ஈரத் திட்டு மேல ரெண்டு கோட் பட்டி, அப்புறம் ஆயில் பிரைமர். கொப்புளமே வராது.”

வரும், அதுவும் பெரிதாக. உள்ளிருக்கும் நீர் வெளியேற வழி தேடும். ஆயில் பிரைமர் அந்த வழியை அடைப்பதால், நீர் படலத்தைத் தள்ளி உப்ப வைக்கும். கொப்புளத்தைக் கீறினால் வெள்ளை மாவு மாதிரி உதிரும். அது நீரோடு வந்த உப்பு.

சந்தேகமா? 2 அடிச் சதுர பாலித்தீன் தாளை, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் துளிகள் நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது.

முதலில் கசிவை நிறுத்துங்கள். உப்பிய பட்டியைச் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். கழுவினால் திரும்ப உள்ளே போகும். தாள் சோதனையில் துளி வராத பிறகு வெள்ளை சிமெண்ட் பட்டி, அதன் மேல் வாட்டர் பிரைமர். அக்ரிலிக் பட்டி இங்கே வேண்டாம், ஈரம் பட்டால் இளகிவிடும்.