தலை நுழையாத பிளவுஸ்

(டெய்லர் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறார். அக்கா ஒரு கையில் துணிப்பை, மறு கையில் போனோடு உள்ளே வருகிறார்.)

அக்கா: தம்பி, ஒண்ணும் பேசாத. முதல்ல இந்தப் படத்தைப் பாரு. அச்சு அசலா இப்படியே வேணும். துணியும் அதே மாதிரி தேடிப் பிடிச்சு வாங்கிட்டேன். கறுப்பு வெள்ளை, குறுக்குக் கோடு, அரை இன்ச்.

டெய்லர்: நல்ல காட்டன்தான். படத்தைக் கொடுங்க. (பார்க்கிறார். பெரிதாக்குகிறார். போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.) அக்கா, இதுக்குப் பின்பக்கப் படம் இருக்கா?

அக்கா: இருக்கே. அடுத்தது தள்ளு.

டெய்லர்: முன்னாடி ஊக்கு இல்ல. பின்னாடியும் இல்ல. ரெண்டு கையையும் தூக்கியிருக்காங்க, பக்கவாட்டுல ஜிப்பும் இல்ல. கழுத்தைச் சுத்தி ஒட்டின மாதிரி க்ளோஸ் நெக். இதை எந்த வழியாக்கா போட்டாங்க?

அக்கா: தலை வழியாத்தான். வேற எந்த வழியா போடுவாங்க?

டெய்லர்: (டேப்பை எடுத்து அக்காவின் கழுத்தைச் சுற்றுகிறார்) 14 இன்ச். அசையாதீங்க. (நெற்றியைச் சுற்றி அளக்கிறார்) 22.

அக்கா: பிளவுஸ் தைக்கத் தலையை அளக்குற டெய்லரை இப்பத்தான் பார்க்கறேன்.

டெய்லர்: 14 இன்ச் ஓட்டைக்குள்ள 22 இன்ச் தலை போகணும்னா துணி இழுபடணும். உங்க துணியில 4 இன்ச் பிடிச்சு இழுத்துப் பாருங்க. என்ன ஆகுது?

அக்கா: (இழுக்கிறார்) 4 இன்ச்சாவேதான் இருக்கு.

டெய்லர்: தறியில நெய்த துணி. கிராஸா இழுத்தா கொஞ்சம் கொடுக்கும், நேரா இழுத்தா முரண்டு பிடிக்கும்.

அக்கா: அந்தப் பொண்ணு சிரிச்சிக்கிட்டே நிக்குதே! கஷ்டப்பட்டுப் போட்ட மாதிரியா இருக்கு?

டெய்லர்: போட்டிருந்தாத்தானே கஷ்டம் தெரியும்? இருங்க, கைக்கு வருவோம். கைக்குழியில தையல் தெரியுதா பாருங்க.

அக்கா: இல்ல. அதுதான் அழகே. உடம்புல ஓடற கோடு விட்டுப்போகாம அப்படியே கையில போகுது. ஒரே துணியில வெட்டியிருப்பாங்க.

டெய்லர்: கையைத் தனியா வெட்டாம உடம்போட சேர்த்து வெட்டறதும் உண்டு, இல்லேங்கல. கையைப் பக்கவாட்டுல நீட்டுங்க. நல்லா நேரா.

(துணியைப் பிரித்து, அக்காவின் மார்பிலிருந்து மணிக்கட்டு வரை குறுக்காகப் போர்த்திப் பிடிக்கிறார்.)

டெய்லர்: இப்ப கோடு எப்படி ஓடுது?

அக்கா: நெஞ்சுல இருந்து விரல் வரைக்கும் நேரா.

டெய்லர்: அப்படியே கையை மெதுவா இறக்குங்க.

(அக்கா கையை இறக்குகிறார். கையோடு துணியும் இறங்குகிறது.)

அக்கா: அட! கையில கோடு நெடுக்கா ஆயிடுச்சு!

டெய்லர்: ஆகத்தானே செய்யும். ஒரே துணின்னா, கை தொங்கும்போது கோடும் கூடவே தொங்கும். முன்பக்கப் படத்துல ஒரு கை கீழதான் தொங்குது. ஆனா கோடு வளையல் மாதிரி கையைச் சுத்தி ஓடுது. வளையல் மாதிரி ஓடணும்னா கை தனியா வெட்டி வெச்சிருக்கணும். தனியா வெச்சா கைக்குழியில தையல் இருக்கணும். தையலும் இல்ல, கோடும் சுத்துது. ரெண்டும் ஒண்ணா நடக்காதுக்கா.

அக்கா: தையலை உள்ளுக்குள்ள மறைச்சுத் தைச்சிருப்பாங்களோ?

டெய்லர்: தையலை மறைக்கலாம், மடங்கின இடத்தை மறைக்க முடியாது. அது கிடக்கட்டும். இன்னொரு கையோட முழங்கையைப் பாருங்க. மடக்கி இடுப்புல வெச்சிருக்காங்க. மடக்கின இடத்துல துணி சுருங்கணும், கோடு ஒண்ணு மேல ஒண்ணு நெளியணும். இங்க ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி இருக்கு.

அக்கா: ஸ்டிஃபா இஸ்திரி போட்டிருப்பாங்க.

டெய்லர்: முழங்கையோட சேர்த்தா?

(அக்கா பதில் சொல்லாமல் போனைப் பிடுங்கி இடுப்பைப் பெரிதாக்குகிறார்.)

அக்கா: சரி, கையை விடு. இந்த ஷேப்பாவது வருமா? இடுப்பு எப்படி உடுக்கை மாதிரி இருக்கு பாரு.

டெய்லர்: (போன் திரையில் டேப்பை வைக்கிறார்) தோள் 4 சென்டி. இடுப்பு 2 சென்டி. உங்க தோள் 14 இன்ச், அந்தப் பொண்ணுக்கும் அதையே வெச்சுக்குவோம். அப்ப இடுப்போட அகலம் 7 இன்ச். அதைத் தூண் மாதிரி முழு வட்டம்னே எடுத்தாலும், 7 இன்ச்சை 22/7-ஆல பெருக்குங்க.

அக்கா: 22.

டெய்லர்: சுற்றளவு 22. மனுச இடுப்பு தூண் மாதிரி இல்ல, முன்னும் பின்னும் தட்டை. அப்ப அதைவிடவும் கம்மிதான் வரும்.

அக்கா: இப்பத்தானே 22-ன்னு எதையோ அளந்த?

டெய்லர்: உங்க தலையை.

அக்கா: (சற்று நேரம் யோசித்து) அப்ப அந்தப் பொண்ணு இடுப்பும் என் தலையும் ஒண்ணா?

டெய்லர்: கணக்குப்படி. படத்துல உள்ளபடியே நான் தைச்சுக் கொடுத்தேன்னு வைங்க. கீழ்ப்பக்கமா உங்க தலை எப்படியோ முட்டி மோதி உள்ள போயிடும். மேல கழுத்து வழியா வெளிய வராது. உள்ளேயே குடியிருக்க வேண்டியதுதான்.

அக்கா: கிண்டல் பண்ணாத. நிஜமான பொண்ணுதானே இது?

டெய்லர்: பொண்ணு நிஜம். இடுப்பை உள்ள தள்ளியிருக்காங்க. பின்னாடி கதவு இருக்கு பாருங்க, நிலை இடுப்புக்கு நேரா மட்டும் வளைஞ்சிருக்கு. ஆசாரி அப்படி இழைக்க மாட்டார்.

அக்கா: (போனைக் கண்ணருகில் கொண்டுபோய்) ஆமா... மரமும் சேர்ந்து இளைச்சிருக்கு.

டெய்லர்: துணி கதையும் எனக்கு இப்பத்தான் விளங்குச்சு. கழுத்து ஓரத்தைப் பெருசாக்கிக் காட்டறேன். மேல கோடு ஓடுது, அதுக்கு அடியில சின்னச் சின்னதா நெடுக்கு வரி தெரியுதா?

அக்கா: ஏதோ ரிப்பு மாதிரி...

டெய்லர்: ரிப்பேதான். டீ-சர்ட் கழுத்துல வைக்கற பட்டி. கை ஓரத்துல ரெண்டு வரிசைத் தையல், பக்கத்துப் பக்கத்துல. அது கம்பெனியில டீ-சர்ட்டுக்குப் போடற தையல், இந்த மெஷின்ல வராது. அந்தப் பொண்ணு போட்டிருந்தது வெறும் வெள்ளை டீ-சர்ட். அது மேல உங்க கோட்டை யாரோ படத்துல ஒட்டி, மடிப்பையும் தையலையும் அழிச்சிருக்காங்க. கழுத்தும் கையோரமும் மட்டும் விட்டுப்போச்சு.

அக்கா: அதான் ஊக்கு இல்லையா!

டெய்லர்: பின்னல் துணி, 4 இன்ச் பிடிச்சு இழுத்தா 6 இன்ச் வரைக்கும் வரும், கழுத்து ரிப்பு அதுக்கும் மேல கொடுக்கும். தலையும் போகும், துணியை முக்கோணமா மடிச்சு டாட் பிடிக்காமலே உடம்புல உக்காரும். நம்ம துணிக்கு அந்த வித்தை தெரியாது. சமமா இருக்கற துணி நெஞ்சு மேட்டுல ஏறி இறங்கணும்னா எங்கேயாவது டாட் பிடிச்சாகணும்.

அக்கா: டாட் பிடிச்சா கோடு உடைஞ்சுடுமே! துணியை என்ன பண்றது, தலகாணி உறை தைக்கவா?

டெய்லர்: இருங்கக்கா. படத்துல உள்ளது வராது, கிட்டத்துல ஒண்ணு வரும். உங்க கோடு கறுப்பு அரை, வெள்ளை அரை. சேர்த்தா 1 இன்ச்சுக்கு ஒரு தடவை அதே கோடு வருது. டாட்டை இடுப்புல இருந்து மேல பிடிச்சா, முன்னாடி கோடெல்லாம் வளைஞ்சு முகம் சுளிக்கும். அதனால பக்கத் தையல்ல இருந்து நெஞ்சை நோக்கிப் படுக்கையா பிடிக்கணும். தையல் ஓரத்துல அந்த டாட் முழுங்கறது சரியா 1 இன்ச் இருக்கணும்.

அக்கா: ஏன் சரியா 1 இன்ச்?

டெய்லர்: ஒரு கறுப்பு, ஒரு வெள்ளையை அது முழுசா முழுங்கிடும். மிச்சம் இருக்கறது முன்ன மாதிரியே கறுப்பு, வெள்ளைன்னு தொடரும். பின்பக்கத்துக் கோட்டோட டாட்டுக்கு மேலயும் சேரும், கீழயும் சேரும். முக்கால் இன்ச் பிடிச்சா டாட்டுக்குக் கீழ எல்லாம் கால் இன்ச் விலகிப் படி மாதிரி நிக்கும். டாட் மேல மட்டும் கோடு லேசா சாயும், அது கைக்கு அடியில போயிடும்.

அக்கா: கைக்குழி?

டெய்லர்: கையோட மேல் வளைவு கைக்குழியைவிட ஒரு இன்ச் கூட இருக்கும், அதைச் சுருக்கி உக்கார வைக்கணும். அதனால எல்லாக் கோடும் சேராது. அக்குள்ல இருந்து 3 இன்ச் மேல, முன்பக்கம் ஒரு இடத்துல சேர்த்துடறேன். நேரா பார்த்தா ஒரே கோடாத் தெரியும். தோள் கிட்ட விலகும். அங்க பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கறவங்களுக்கு நான் பொறுப்பில்ல.

அக்கா: தலை?

டெய்லர்: பின்னாடி முழுசா ஜிப். ஊக்கு வெச்சா ரெண்டு ஊக்குக்கு நடுவுல வாய் பிளக்கும், கோட்டுத் துணியில உடனே தெரியும். ஒரு பக்கம் ஜிப்பை முதல்ல தைச்சு, மூடி, வெறும் பக்கத்து ஜிப் பட்டையில ஒவ்வொரு கோட்டுக்கும் சாக்குல குறி போடணும். அப்புறம் திறந்து, குறிக்கு நேரா அடுத்த துணியைக் கையில நூலோட்டி, மறுபடி மூடிப் பார்த்துட்டுத்தான் மெஷின்ல விடணும். நேரா மெஷின்ல விட்டா அடித்துணி முன்னால ஓடி, கீழ வர்றதுக்குள்ள கறுப்புக்கு நேரா வெள்ளை நிக்கும்.

அக்கா: எத்தனை மீட்டர் வேணும்? 1 மீட்டர்தான் எடுத்தேன்.

டெய்லர்: கோடு பார்க்காம வெட்டினா உங்களுக்கு அது போதும். இதுல முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டு, கை ரெண்டு. அஞ்சு பீஸையும் கோடு சேர்ற வரைக்கும் நகர்த்தி நகர்த்தி வெட்டணும், பீஸுக்கு 1 இன்ச் வரைக்கும் போகும். இன்னும் கால் மீட்டர் வாங்கிட்டு வாங்க. அதே கட்டுல இருந்து வாங்குங்க, வேற கட்டுன்னா கோடு நூலளவு மாறியிருந்தாலும் சேராது.

அக்கா: சரி, வாங்கியாறேன். இடுப்பு மட்டும் கொஞ்சம்...

டெய்லர்: டேப் என்ன சொல்லுதோ, அது.

அக்கா: (வாசல் வரை போய்த் திரும்பி) தம்பி, தைச்சு முடிச்சதும் நான் போட்டு ஒரு படம் எடுத்து, அந்த ஜிப்பையும் டாட்டையும் மட்டும் லேசா அழிச்சு, இடுப்பை இத்துனூண்டு உள்ள தள்ளி, எங்க சொந்தக்காரங்களுக்கு அனுப்பினா நல்லா இருக்கும்ல?

டெய்லர்: நல்லாத்தான் இருக்கும். அனுப்புங்க. கூடவே வேற டெய்லர் அட்ரஸையும் அனுப்பிடுங்க.