தை ஒன்று 14-ஆ, 15-ஆ?

இந்த ஆண்டு பொங்கலுக்கு முன்னால் புலனக் குழுக்களில் நடந்த சண்டையைப் பார்த்தேன். "14-ன்னு போட்டிருக்கான், 15-ன்னும் போட்டிருக்கான், நம்ம ஆளுங்களுக்கு ஒரு தேதி கூட ஒழுங்கா சொல்லத் தெரியலை" என்று ஒரு அண்ணன் பொரிந்து தள்ளியிருந்தார். இங்கே மலேசியாவில் பொங்கலுக்குப் பொது விடுமுறை கிடையாது. எந்த நாளுக்கு லீவ் போடுவது என்று தெரியாவிட்டால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் ஒழுங்காகச் சொல்லவில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நம் மாதம் சூரியனை வைத்துப் பிறக்கிறது. சூரியன் தனுசு ராசியை விட்டு மகர ராசிக்குள் போகும் நொடிதான் தை பிறப்பு, அதாவது சங்கராந்தி. அந்த நொடி நடுராத்திரியிலும் வரலாம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் வரலாம். நொடியை நாளாக மாற்ற ஒரு விதி வேண்டும் இல்லையா? தமிழர் விதி எளிமையானது: சூரியன் மறைவதற்குள் நுழைந்துவிட்டால் அன்றே மாதம் ஒன்றாம் தேதி, மறைந்த பிறகு நுழைந்தால் மறுநாள். கேரளத்தில் பிற்பகலிலேயே கோடு கிழித்துவிடுவார்கள், வங்காளத்தில் நள்ளிரவை வைத்துப் பார்ப்பார்கள். அதனால்தான் நம் சித்திரை ஒன்றும் மலையாளிகளின் விஷுவும் சில ஆண்டுகளில் ஒரு நாள் தள்ளி வருகின்றன.

சரி, அந்த நொடி ஏன் ஒரே இடத்தில் நிற்பதில்லை? சூரியன் ஒரு ராசியிலிருந்து கிளம்பி மறுபடி அங்கேயே வர 365 நாளும் 6 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலும் ஆகிறது. ஆங்கில நாள்காட்டியோ 365 நாளில் ஆண்டை முடித்துவிடும். எனவே சங்கராந்தி ஆண்டுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் பிந்திக்கொண்டே போகும். நான்காண்டுக்கு ஒருமுறை பிப்ரவரி 29 வந்து அதை ஒரு நாள் பின்னால் இழுக்கும்.

திருக்கணிதப் பஞ்சாங்கப்படி, இந்திய நேரத்தில் பாருங்கள். 2023-இல் ஜனவரி 14 இரவு ஒன்பதை ஒட்டி சூரியன் மகரத்துக்குள் போனது. மாலை தாண்டிவிட்டது, ஆகவே தை ஒன்று 15-ஆம் தேதி. 2024-இல் 15-ஆம் தேதி விடியற்காலை மூன்றை ஒட்டி, அதுவும் 15-தான். அந்த பிப்ரவரியில் 29 வந்தது. 2025-இல் 14-ஆம் தேதி காலை ஒன்பது மணி, ஆகவே 14. இந்த 2026-இல் 14-ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குக் கொஞ்சம் மேல். இன்னும் வெயில் இருக்கிறது, எனவே 14.

அப்படியானால் 15 எங்கிருந்து வந்தது? வாக்கியப் பஞ்சாங்கத்திலிருந்து. வாக்கியம் பழைய சூத்திரங்களின் கணக்கு; திருக்கணிதம் இன்றைய வானியல் அளவுகளின்படி போடுவது. மகரத்தில் நுழையும் நேரம் வாக்கியத்தில் சில மணி நேரம் பிந்தி விழும். மற்ற ஆண்டுகளில் அந்தச் சில மணி நேரத்தால் ஒன்றும் ஆகாது. காலை ஒன்பது மத்தியானம் ஆனால் என்ன, நாள் அதேதான். ஆனால் பிற்பகல் மூன்று என்பது அந்தியைத் தாண்டிவிட்டால் நாளே மாறிவிடும். தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறை 15-ஆம் தேதி விட்டது அதனால்தான். இரண்டு தேதியும் அவரவர் கணக்குப்படி சரி. நாள்காட்டி அச்சடிப்பவர்கள் எந்தப் பஞ்சாங்கம் என்று மூலையில் ஒரு வரி போட்டிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. கோவில்களாவது அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம்.

இன்னொரு குறை எனக்கு உண்டு. சென்னையிலிருந்து வரும் நேரத்தை அப்படியே பகிர்கிறோம். இந்திய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே காலை 9 என்றால் கோலாலம்பூரில் 11:30. பானை வைக்க நேரம் பார்க்கிறவர்கள் இதைக்கூடக் கூட்டுவதில்லை. ஜனவரியில் கோலாலம்பூரில் சூரியன் மறைவது ஏறக்குறைய 7:20-க்கு, அது சென்னையில் 4:50. சென்னையில் இருட்ட இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அந்த இடைவெளியில் சங்கராந்தி விழுந்தால், ஒரே பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டே சென்னைக்கு ஒரு நாளும் நமக்கு மறுநாளும் வரும். அந்த ஆண்டு எதைப் பின்பற்றுவோம்? நான் பிரிக்பீல்ட்ஸ் சூரியனைத்தான் பார்ப்பேன். விதி சொல்வது சூரியன் மறைவதைப் பற்றி. மறையும் சூரியன் அவரவர் ஊரில்தானே மறையும்.

அப்புறம், "முன்னோர் காலத்திலிருந்து ஜனவரி 14-தான்" என்பவர்களுக்கு. விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தி அன்று. தேதி 1863 ஜனவரி 12. நம் ஆண்டு, பருவங்களை ஒட்டிய ஆண்டைவிட சுமார் 20 நிமிடம் நீளம். எழுபது ஆண்டு சேர்ந்தால் ஒரு நாள் நகர்ந்துவிடும்.

2027, 2028, 2029-இல் இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போகும்: 15, 15, 14. அடுத்த சண்டை 2030-இல். அப்போதும் திருக்கணிதத்தில் பிற்பகல்தான், வாக்கியத்தில் அந்தி தாண்டிவிடும். லீவ் போடுகிறவர்கள் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.