தூக்கிப் போட்டதா தப்பு?

ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்தில் நடந்த பேட்மிண்டன் சிங்கிள்ஸ் ஃபைனலைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். நேற்று இரவு அந்த ஆட்டத்தின் வீடியோவை நாலாவது ஆள் எனக்கே அனுப்பி, கூடவே சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தார். சரி, எழுதிவிடுகிறேன்.

மைக் பிடித்தவர் சொன்னது எல்லோருக்கும் தெரியும். "பாப்பா வானத்துக்குத் தூக்கிக் கொடுக்குது, எதிராளி வாங்கி அடிக்குது." அரங்கமே சிரித்தது. பாப்பா என் அக்கா மகள், எங்கள் பேச்சில் ராத்தா மகள். பதினாறு வயது. மூன்றாவது செட்டில் 19-21. அவள் தோற்றதில் எனக்கு வருத்தம் இல்லை, தோற்காமல் யார் விளையாடினார்கள்? உயரத் தூக்கிப் போடுகிற ஹை சர்வீஸ் போட்டதால் தோற்றாள் என்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. ஹை சர்வீஸால் அவள் தோற்கவில்லை. போட்டுவிட்டு நடுவுக்கு வராததால் தோற்றாள்.

முதலில், எதற்கு அவ்வளவு உயரம்? ஷட்டில் காக் இறகுப் பொருள். எவ்வளவு வேகமாக அடித்தாலும் காற்று அதைச் சீக்கிரம் பிடித்து நிறுத்திவிடும். உயரமாகப் போனால் முன்னால் போகிற வேகம் மேலேயே செத்து, கடைசியில் ஏறக்குறைய நேர்க்குத்தாகக் கீழே விழும். அப்படி விழுகிற காக்கைச் சரியான நேரத்தில் தொடுவதே கஷ்டம். அதோடு எதிராளி பின்கோட்டில், நெட்டிலிருந்து 22 அடி தள்ளி நிற்கிறார். அங்கிருந்து ஸ்மாஷ் அடித்தால் நம்மிடம் வந்து சேர்வதற்குள் பாதி வேகம் கரைந்துவிடும், செங்குத்தாகவும் இறங்காது. இதைத்தான் 'தூக்கிக் கொடுப்பது' என்கிறார் மைக் அண்ணன்.

ஆனால் அளவு தப்பக் கூடாது. பின்னால் இரண்டு கோடுகள் இருக்கின்றன அல்லவா, டபுள்ஸ் சர்வீஸ் கோடும் கடைசிக் கோடும்? நடுவில் இரண்டரை அடி இடைவெளி. சிங்கிள்ஸில் ஹை சர்வீஸ் அந்தப் பட்டைக்குள் விழ வேண்டும். காக்கைப் பார்க்க வேண்டியதுகூட இல்லை, எதிராளியின் உடம்பைப் பார்த்தாலே தெரியும். பின்னால் சாய்ந்து அடித்தால் சர்வீஸ் நல்ல சர்வீஸ். முன்னால் கால் வைத்து அடித்தால் குறைந்துவிட்டது, ஓடத் தயாராகுங்கள்.

இப்போது அந்த வீடியோவையே எடுத்துக்கொள்வோம், அவ்வளவு ஆசையாகப் பரப்புகிறீர்களே. 18-18. இரட்டைப்படை என்பதால் வலது பக்கத்திலிருந்து சர்வீஸ். ஆழம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நடுக்கோட்டை ஒட்டிப் போட வேண்டியதை ஓரத்து மூலைக்குப் போட்டாள். மூலையிலிருந்து அடிக்கிற ஆளுக்கு எதிரே நீளமாக ஒரு ஓரக்கோடு கிடைத்துவிடுகிறது, அது இவளுக்கு இடது கைப்பக்கம். நேர் ஸ்மாஷ், கோட்டை ஒட்டி. அப்போது இவள் எங்கே நின்றாள்? சர்வீஸ் போட்ட அதே இடத்தில், அண்ணாந்து பார்த்துக்கொண்டு.

அடுத்த பாயிண்டை நம் பிள்ளை எடுத்தாள், அது உங்கள் வீடியோவில் இல்லை. 19-19. இந்தத் தடவை சர்வீஸ் அந்தப் பட்டைக்குள், நடுக்கோட்டை ஒட்டி, குறையே சொல்ல முடியாது. எதிராளி ஸ்மாஷ் அடிக்கவே இல்லை. இவள் முன்னால் நிற்பதைப் பார்த்து, தலைக்கு மேலே பின் மூலைக்குத் தள்ளிவிட்டாள். இவள் திரும்பி ஓடி, எட்டாமல் எட்டித் தொட்டு, அரை கோர்ட்டில் கொடுத்துவிட்டாள். அந்த பாயிண்டின் கதை முடிந்தது.

சர்வீஸ் போடும்போது உடம்பின் எடை பின்காலிலிருந்து முன்காலுக்கு வருகிறது, கை இடது தோள் வரை சுற்றி நிற்கிறது. அந்த முன்காலால் தரையைத் தள்ளி உடனே ஒன்றரை எட்டு பின்னால் வர வேண்டும். காக் மேலே இருக்கிற நேரம் இதற்காகத்தான் இருக்கிறது! அந்த உயரமே நாம் நடுவுக்கு வர வாங்குகிற நேரம். வந்து நின்றால் நெட்டுக்கும் பின்கோட்டுக்கும் நடுவே, சுமார் 11 அடியில் நிற்போம். சிங்கிள்ஸ் கோர்ட்டின் அகலம் 17 அடி, ஆக ஒவ்வொரு பக்கமும் எட்டரை. ஒரு நீட்டு எட்டும் கையும் பேட்டும் சேர்ந்தால் அது எட்டுகிற தூரம்தான். மூன்றாவது செட்டில் கால் ஓய்ந்துவிட்டது, அவள் அந்த ஒன்றரை எட்டை விட்டுவிட்டாள். சொல்ல வேண்டியது இதுதான். இதை மைக்கில் சொன்னால் யார் சிரிப்பார்கள்?

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் கீழக்கரைத் தெருவில் ஒரு காக்கா. (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். பறவையும் இல்லை, ஷட்டில் காக்கும் இல்லை.) சவுதியிலிருந்து வந்த கையோடு தென்னந்தோப்பில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கிழிந்த மீன்வலையை நெட்டாகக் கட்டினார். கச்சான் காற்று கிளம்பினால் அங்கே ஹை சர்வீஸ் நடக்காது. எதிர்க்காற்றில் பாதியில் திரும்பும், பின்காற்றில் தோப்புக்கு வெளியே போகும். அதனால் சுபுஹ் தொழுதுவிட்டு, காற்று எழும்புவதற்குள் ஆடிவிடுவோம். நடுவில் ஒரு தேங்காய் மட்டையைப் போட்டு வைப்பார். ஒவ்வொரு அடிக்கும் பிறகு அதைக் காலால் தொட வேண்டும், தொடாவிட்டால் பாயிண்ட் எதிராளிக்கு. அழுதிருக்கிறேன். கொஞ்ச நாள் கழித்து அவரே மட்டையை ஒரு அடி நகர்த்தி வைத்தார். காக் எதிராளியின் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாக நாமும் கொஞ்சம் நகர வேண்டுமாம், ஏனென்றால் நேராக வருவது சீக்கிரம் வரும், குறுக்கே வருவதற்கு நேரம் எடுக்கும். நடு என்பது ஒரே இடம் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

இனி கேள்விகள் வரும். "உலகமே லோ சர்வீஸுக்கு மாறிடுச்சு பாய்." ஆமாம், ஆண்கள் சிங்கிள்ஸில் மாறிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். பின்கோட்டிலிருந்தே குதித்து அடித்து முடிக்கிற பலம் அவர்களுக்கு இருக்கிறது. பெண்கள் சிங்கிள்ஸ் பார்ப்பதுண்டா? 2016 ரியோவில் வெள்ளி வாங்கிய சிந்து ஹை சர்வீஸ் போட்டதில்லையா? அவரிடமும் 'வானத்துக்குத் தூக்குறியேம்மா' என்று சொல்லிப் பாருங்கள்.

"டபுள்ஸில் இப்படிப் போட்டால் அடி விழும்." விழும்! அங்கே சர்வீஸ் கோடு இரண்டரை அடி உள்ளே வந்துவிடுகிறது, ஆள் முன்னாலேயே வாங்கிக் குத்திவிடுவார். மைக் அண்ணன் இருபது வருடமாக டபுள்ஸ் மட்டுமே ஆடுகிறவர், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"சொந்தப் பிள்ளை என்பதால் கொதிக்கிறீங்க." ஆமாம், கொதிக்கிறேன். அதற்கென்ன இப்போது?

அவள் காதில் விழுந்துதான் சிரித்தீர்கள். வண்டியில் திரும்பும்போது கீழக்கரை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. தெரு முனையில் இறங்கும்போது கேட்டாள்: "மாமா, இனிமே கீழயே போடட்டுமா?" எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஐந்து வருடம் சேர்த்து வைத்த சர்வீஸ், ஒரு மைக் போதும் அதைப் பிடுங்க.

இன்னொன்று. 20-19இல் கடைசி சர்வீஸ் யாருடையது என்று வீடியோவைத் திரும்பப் பாருங்கள். ஜெயித்த பிள்ளை போட்டது. அதுவும் ஹை சர்வீஸ்தான். நேராகப் பின்கோட்டுக்கு, அதே உயரம். போட்ட கையோடு பின்னால் வந்து நடுவில் நின்றாள். நம் பிள்ளை பின்னால் சாய்ந்தபடி அடித்தது நெட்டில். அப்போது மைக்கில் என்ன சொன்னார்? "சூப்பர் சர்வீஸ்!"

இன்று காலை ராத்தா வீட்டுக்குப் போனேன். பேட் பை ஞாயிற்றுக்கிழமை வைத்த இடத்திலேயே கிடந்தது. கொல்லையில் கிடந்த ஒரு தேங்காய் மட்டையை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.