எண்ண முடியாதபடி கட்டிய ஜபமாலை

"எந்த மதமானாலும் ஜபமாலை ஒரே கணக்குதான். எவ்வளவு எண்ணிக்கையோ அவ்வளவு புண்ணியம்."

இப்படிச் சிலர் சொல்கிறார்கள். ஜப்பானிலேயே இது பொருந்தவில்லை. அங்கே அமிதா புத்தரின் பெயரை "நமு அமிதா புட்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்லும் பௌத்தர்கள் உண்டு. அந்த வழியைத் தனி நெறியாக்கிய ஹோனென் (1133–1212) தினமும் பல ஆயிரம் முறை சொன்னவர். அவருடைய ஜோதோ பிரிவில் மாலையே கணக்குப் பார்க்கத்தான். ஒன்றோடொன்று கோத்த இரண்டு வளையங்கள். ஒன்றில் 27 மணி, மற்றதில் 20. குஞ்சத்தில் 6, 10 என்று சிறு மணிகள். 27 × 20 × 6 × 10, ஆக 32,400 வரை எண்ணலாம்.

அவருடைய சீடர் ஷின்ரான் (1173–1263) இதை அப்படியே திருப்பிப் போட்டார். எல்லோரையும் காப்பேன் என்று அமிதா தந்த உறுதிமொழிதான் நம்மைக் கரையேற்றுகிறது. நாம் சொல்வதில் புண்ணியம் சேர்வதில்லை, பெயரைச் சொல்வது நன்றி மட்டுமே என்றார். அதனால் அவர் வழி வந்த ஷின் பிரிவில் பெண்கள் வைத்திருக்கும் நீள மாலையின் குஞ்சத்தில், எண்ண முடியாதபடி முடிச்சே போட்டிருப்பார்கள். கைகூப்பும்போது மாலை கையில் இருக்கும், அவ்வளவுதான்.

எல்லா ஜபமாலையிலும் 108 மணிதான் என்றும் சிலர் சொல்வதுண்டு. அது பாதி சரி. அந்த நீள மாலையிலும் 108 உண்டு, ஆனால் யாரும் எண்ணுவதில்லை. சரி, எண்ணாத மாலை எதற்கு என்றால், அதற்கு ஷின் பிரிவினரே ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.